மஞ்சள் இருப்புக்கு முன்பேரக் காப்பு: பொறுப்பை ஒப்படைக்கும்போது எழுதித் தரவேண்டியவை

மஞ்சள், மிளகாய், தனியா போன்ற சரக்குகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும் மண்டிக்காரர்களில் சிலர், விலை இறங்கினால் கை சுடாமல் இருக்க முன்பேரச் சந்தையில் ஒரு பகுதியை விற்று வைப்பது வழக்கம். இதை அன்றாடம் கவனிப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர் இரண்டு மாதம் கடைக்கு வரமுடியாமல் போனால் என்னாகும் என்பதை எங்கள் மண்டியிலேயே ஓர் ஆண்டு நாங்கள் அனுபவித்தோம். அதைச் சக வணிகர்களுக்குச் சொல்வது நல்லது என்று தோன்றியது.

எங்கள் மேலாளர் முழங்கால் அறுவைக்குப் போகும்போது முதலாளியின் மருமகனிடம் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். இருப்பில் பாதிக்கு விற்று வை, சரக்கு விற்க விற்கத் திரும்ப வாங்கு, மாதம் முடியுமுன் அடுத்த மாதத்துக்கு மாற்று, மார்ஜின் குறையாமல் பார், விபரீதமானால் நிறுத்திவிடு. ஐந்தும் சரிதான். ஆனால் எது விபரீதம், எதை நிறுத்துவது என்று ஒரு சொல்லும் இல்லை.

அப்போது குடோனில் 40 டன். பாதிக்கு, அதாவது 20 டன்னுக்கு, 5 டன் வீதம் 4 லாட் குவிண்டால் 14,000 ரூபாயில் விற்கப்பட்டிருந்தது. எட்டு நாளில் விலை 15,400 ஆனது. நான்கு லாட் என்பது 200 குவிண்டால். எனவே 2,80,000 ரூபாய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரோக்கர் கணக்கிலிருந்து கழிந்தது. பையன் மிரண்டுவிட்டான். இதுதான் விபரீதம் என்று நான்கு லாட்டையும் திரும்ப வாங்கி முடித்தான். குடோன் சரக்கு மட்டும் காப்பில்லாமல் நின்றது. சில வாரங்களில் விலை 13,200க்கு இறங்கியது.

உள்ளூர் விலையும் அதே அளவு இறங்கியதாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். 14,000 விலையிலிருந்து பார்த்தால் சரக்கில் 400 குவிண்டாலுக்கு 3,20,000 நஷ்டம். லாட்டுகளை அப்படியே வைத்திருந்தால் முன்பேரத்தில் 1,60,000 வந்திருக்கும். நிகர நஷ்டம் 1,60,000தான். இப்போதோ முன்பேரத்திலும் 2,80,000 போய், மொத்தம் ஆறு லட்சம். பையன் மீது குற்றமில்லை. விலை ஏறும்போது கணக்கில் பணம் கழிவதும், அதே நேரம் குடோனில் சரக்கின் மதிப்பு அதைவிடக் கூடுவதும் இந்த முறையின் இயல்பு என்று அவனுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

மேலாளர் திரும்பியதும் இரண்டு பக்கத்தில் புதுக் குறிப்பு எழுதினார். முதல் பத்தி முழுவதும் நோக்கம்தான்: இது லாபம் சம்பாதிக்க அல்ல, இருப்பைக் காக்க, லாட்டில் நஷ்டம் காட்டுவது தனியாக ஒரு செய்தியே அல்ல, சரக்கோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். விதியைவிடக் காரணத்துக்கே இடம் அதிகம். காரணம் தெரியாத விதியை நெருக்கடியில் எவனும் மாற்றிவிடுவான்.

அடுத்தது எண்ணிக்கை. விலை முடியாத சரக்கு 10 டன்னுக்கு 1 லாட். மிச்சத்தை விட்டுவிடவேண்டும், மேல்நோக்கி முழுமையாக்கக் கூடாது. இருப்பை மீறி ஒரு லாட் விற்றாலும் அது காப்பல்ல, பந்தயம். மாத மாற்றமும் விளக்கப்பட்டது. டெலிவரி கட்டாயமான ஒப்பந்தத்தில் விற்றுவிட்டு இறுதிவரை இருந்தால், சந்தை குறித்த தரத்தில், சந்தை குறித்த கிடங்கில் சரக்கைக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். எனவே டெலிவரிக் காலம் தொடங்க ஐந்து வேலைநாள் முன்பே பழைய மாதத்தை வாங்கி, புது மாதத்தை விற்கவேண்டும். இரண்டும் ஒரே அமர்வில். காலையில் வாங்கிவிட்டு, விலை ஏறட்டும் என்று மாலைவரை விற்காமல் காத்திருப்பது கெட்டிக்காரத்தனம்போல் தெரியும். ஆனால் அந்த நேரம் முழுவதும் காப்பு இல்லை.

குறிப்பில் அதிக இடம் பிடித்தது நிறுத்தும் பகுதி. நான்கு லாட் இருக்கையில் விலை 100 ரூபாய் ஏறினால் 20,000 ரூபாய் கட்டவேண்டும். இதற்கென்று ஆரம்ப மார்ஜின் போக 6 லட்சம் தனியாக ஒதுக்கப்பட்டது. 3,000 ரூபாய் ஏற்றம்வரை தாங்கும். 3 லட்சம் கரையும்வரை பையன் எதுவும் செய்யவேண்டியதில்லை, தினசரி எழுதிவைத்தால் போதும். 3 லட்சம் தாண்டினால் முதலாளிக்குத் தகவல். புதிதாக லாட் போடுவது நிற்கும், பழையவை அப்படியே இருக்கும். 4 லட்சம் தாண்டினால் குறைக்கவேண்டும். குறைப்பது என்றால் 10 டன் சரக்கை விற்கும் அன்றே 1 லாட்டை வாங்குவது. லாட்டை மட்டும் முடிப்பது ஒருபோதும் கிடையாது. மீதி 2 லட்சம் எதற்கு என்று பையன் கேட்டான். நாள் உச்சவரம்பில் விலை முட்டிக்கொண்டு விற்பவரே இல்லாத நாட்கள் வரும், அன்று வாங்க முடியாது, பணம் மட்டும் கட்டவேண்டியிருக்கும் என்றார் மேலாளர். 2023-இல் மஞ்சள் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அரசு ஆணையால் நிறுத்தம் வருவதும் உண்டு. 2021 டிசம்பரில் கொண்டைக்கடலை, கடுகு, சோயா உள்ளிட்ட ஏழு சரக்குகளில் செபி புது ஒப்பந்தங்களைத் தடுத்து, இருப்பதை முடிக்க மட்டும் அனுமதித்தது. அப்படி நேர்ந்தால் அடுத்த மாதத்துக்கு மாற்றவே வழியில்லை. சரக்கை விரைவுபடுத்தி விற்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

எப்படி நிறுத்துவது என்று எழுதிவைக்காததால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் எட்டு கணினிகளில் புது நிரலை ஏற்றவேண்டியிருந்தது. ஒன்றில் ஏற்ற மறந்தார்கள். அதில் 2003-லேயே கைவிட்ட பழைய நிரல் கிடந்து, விழித்துக்கொண்டு, வரைமுறையின்றி ஆர்டர் அனுப்பியது. பதறியவர்கள் சரியாக இருந்த ஏழு கணினிகளிலிருந்து புது நிரலை நீக்கினார்கள். எட்டிலும் பழையது ஓடத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் ஏற்பட்ட வினையின் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். இத்தகைய நேரத்தில் என்ன செய்வதென்று போதிய எழுத்து வழிமுறை அவர்களிடம் இல்லை என்று அந்நாட்டுக் கண்காணிப்பு ஆணையம் 2013-இல் கண்டித்தது. எங்கள் பையன் செய்ததும் சிறிய அளவில் அதுவேதான்: கெட்டதை விட்டு நல்லதை நிறுத்தினான்.

குறிப்பைக் கொடுத்ததோடு மேலாளர் விடவில்லை. ஒரு வாரம் பையனே ஆர்டர் சொல்ல, தாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கடைசி நாள் ஒரு கேள்வி கேட்டார்: "குடோன்ல 27 டன் இருக்கு. எத்தனை லாட் இருக்கணும்?"

"ரெண்டுங்க."

"மதுரைக்காரருக்கு விலை முடிச்சு, லாரி வராம கிடக்கிற 8 டன்?"

பையன் இருப்புப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புரோக்கருக்குப் போன் போட்டு ஒரு லாட்டை வாங்கச் சொன்னான்.