திரும்பி வந்த சேலை: பணமா, மாற்றா, வரவா?

வாட்ஸ்ஆப்பில் சேலை விற்கும் ஒருவர் 800 ரூபாய்க்கு வாங்கியதை, கூரியர் உட்பட 1,200 ரூபாய்க்கு விற்கிறார். கூரியர் ஒரு வழிக்கு 80 ரூபாய். பிரித்துப் பார்த்தால் முந்தானையில் இழை அறுந்திருக்கிறது.

சேலையை வரவழைத்து வேறொன்று அனுப்ப இன்னும் 160 ரூபாய் செலவு. பழுதானதை மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொண்டால், எல்லாச் செலவும் போக 160 ரூபாய் மிஞ்சும். பணத்தைத் திருப்பினால், போகவர கூரியருக்கான 160 ரூபாய் நஷ்டம். அதனால் முதலில் மாற்றுச் சேலையைச் சொல்லலாம். ஆனால் அதே சேலை கையிருப்பில் இருக்க வேண்டும். அனுப்புமுன் மடிப்பைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதும் பழுதென்றால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

அவர் பணம்தான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி இங்கே காப்பாற்றாது. தவறான நிறம் அனுப்பியதும் நம் தவறே. கூரியர் செலவும் நம்முடையதே.

சேலையில் குறையில்லை, வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டது என்றால்தான் அடுத்த கொள்முதலில் கழிக்கும் வரவு பொருந்தும். திருப்பி அனுப்பும் செலவை அவர் ஏற்கலாம். தொகையையும் கடைசித் தேதியையும் எழுத்தில் கொடுங்கள். இந்த விதியை விற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.