சாயக் கழிவுக்குச் சரி, கொதிகலன் நீருக்குத் தவறு

சாயப்பட்டறைக் கழிவுநீரை அளக்கக் காந்தப் பாய்வுமானியே சிறந்தது. குழாய்க்குள் எந்தத் தடையும் இல்லாததால் நூல் தூசி சிக்காது. டர்பைன் மீட்டர் என்றால் அதன் சிறு சக்கரத்தில் நூல் சுற்றிக்கொள்ளும்; அது டீசல் போன்ற தெளிந்த எண்ணெய்க்கே ஏற்றது.

அதே காந்த மீட்டரைக் கொதிகலனுக்குப் போகும் உப்பு நீக்கிய நீரில் பொருத்தினால் முள் நிலையில்லாமல் ஆடும், அல்லது பூஜ்யத்திலேயே நிற்கும். மீட்டர் பழுதாகிவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். அது வேலை செய்ய நீரில் மின்சாரம் ஓரளவாவது கடக்க வேண்டும். பெரும்பாலான மாதிரிகளுக்குச் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸ் தேவை. இந்த நீரில் 1 கூட இருக்காது.

அங்கே வோர்டெக்ஸ் மீட்டர் போடலாம். குறுக்கே நிற்கும் சிறு தடுப்பின் பின்னால் உருவாகும் சுழல்களை அது எண்ணுகிறது. நீர் மெதுவாகப் போனால் சுழல் எழாது. 100 மி.மீ. குழாயில் மணிக்கு 9 கன மீட்டர் ஓடினால் வேகம் நொடிக்கு 0.32 மீட்டர்தான், பம்ப் ஓடும்போதே மீட்டர் பூஜ்யம் காட்டக்கூடும். அந்த இடத்தில் குழாயை 50 மி.மீ. ஆகக் குறுக்கினால் வேகம் 1.27 மீட்டராகிவிடும். மீட்டருக்கு முன்னால் ஒரு மீட்டர் நீளமாவது வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் விடுங்கள்.

கோரியாலிஸ் எடையையே நேரடியாக அளக்கும், நேர்க்குழாயும் கேட்காது. ஆனால் விலை அதிகம். இந்த நீருக்கு அது வேண்டாம்.