மாசாமாசம் பௌர்ணமி வருது... கிரகணம் மட்டும் ஏன் வர்றதில்லை? ஒரு ஸ்கேல் போதும், புரிஞ்சிடும்!

2025 செப்டம்பர் 7 இரவு 11 மணிக்கு மேல் நிலா செம்பு நிறத்துக்கு மாறியது ஞாபகம் இருக்கா? சூரியன், பூமி, நிலா மூன்றும் நேர்க்கோட்டில் வந்ததால் ஏற்பட்ட முழு சந்திர கிரகணம் அது. ஆனால், எல்லா பௌர்ணமியிலும் நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே இருக்கிறது? அப்படியென்றால் அடுத்த பௌர்ணமியான அக்டோபர் 7-ல் ஏன் கிரகணம் இல்லை?

குழப்பத்துக்குக் காரணம், நாம் பள்ளியில் பார்த்த படம். அதில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மட்டத்தில் இருக்கும். சரியான அளவில் நாமே வரைந்து பார்ப்போம்.

படம் 1: பக்கவாட்டில்

ஒரு நியூஸ்பேப்பர் தாளின் இடது ஓரத்தில் 1 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இதுதான் பூமி. சூரியன் இடப்பக்கம், தாளுக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறது. பூமியின் நிழல் வலப்பக்கம் நேராக நீளும். நிலா இருக்கும் தூரம் 30 செ.மீ., அதாவது சரியாக ஒரு ஸ்கேல். அங்கே போய்ச் சேரும்போது அடர் நிழலின் அகலம் 0.7 செ.மீ.தான். நிலாவின் விட்டம் கால் செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம்.

இப்போது ஸ்கேலை 5 டிகிரி மேலே சாய்த்து இன்னொரு கோடு போடுங்கள். நிலாவின் பாதை அவ்வளவுதான் சாய்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன சாய்வே 30 செ.மீ. தூரத்தில் நிலாவை 2.6 செ.மீ. உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. நிழலைத் தொட வேண்டுமென்றால், அதன் மையத்திலிருந்து அரை செ.மீ.க்குள் நிலா வர வேண்டும்.

அக்டோபர் 7 அன்று நிலா இருந்தது சுமார் 1.1 செ.மீ. மேலே. நிஜத்தில் 14 ஆயிரம் கி.மீ.க்கும் அதிகம். நிழலுக்கு மேலாகவே கடந்துபோய்விட்டது.

படம் 2: மேலிருந்து

ஒரு தட்டைச் சாய்த்து, பாதி மூழ்கும்படி தண்ணீரில் பிடியுங்கள். தட்டின் விளிம்புதான் நிலாவின் பாதை, நடுவில் பூமி. தண்ணீர் மட்டம், பூமி சூரியனைச் சுற்றும் தளம். விளிம்பு இரண்டே இடங்களில் தண்ணீரை வெட்டும். இந்தியக் கணிதவியலாளர்கள் ராகு, கேது என்று பெயர் வைத்தது இந்தப் புள்ளிகளுக்குத்தான்.

பூமி சூரியனைச் சுற்றினாலும் தட்டு சாய்ந்திருக்கும் திசை பெரிதாக மாறாது. அதனால் இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு, வருடத்தில் இரண்டு முறைதான் சூரியனை நோக்கி இருக்கும். ஒவ்வொரு முறையும் சுமார் 5 வாரம். அந்தச் சமயத்தில் பௌர்ணமி வந்தால் சந்திர கிரகணம், அமாவாசை வந்தால் சூரிய கிரகணம். மற்ற அமாவாசைகளில் நிலாவின் நிழல் பூமி மேல் படாமல் விலகிப் போய்விடும்.

செப்டம்பர் 7-க்குப் பிறகு 5 பௌர்ணமிகள் இப்படியே கடந்தன. அடுத்த சந்திர கிரகணம், 6-வது பௌர்ணமியான 2026 மார்ச் 3-ல்தான்.

ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தக் கோடும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டுகள். அதனால்தான் கிரகண சீசன் ஒவ்வொரு வருடமும் சுமார் 19 நாள் முன்கூட்டியே வந்துவிடுகிறது.