ஒரே ஆட்டம், ஐந்து விகுதி

‘அவன் கால்பந்து விளையாடினான்’ என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று யாராவது மடக்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கொலம்பியாவும் பிரேசிலும் சந்திக்கும் வௌபேஸ் ஆற்றுப் பகுதியில் தூயூக்கா மொழி பேசுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தக் கேள்விக்கான பதில் வினைச்சொல்லின் விகுதியிலேயே இருந்தாக வேண்டும். காலம் காட்டாமல் ‘விளையாடினான்’ என்று நம்மால் சொல்ல முடியாதல்லவா, அதுபோல.

இந்த இலக்கணக் கூறைத் தமிழில் ‘சான்றுநிலை’ எனலாம். தூயூக்காவில் அது இயங்கும் விதத்தை மொழியியலாளர் ஜேனட் பார்ன்ஸ் 1984-இல் விவரித்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் கால்பந்துதான். ‘தீகா’ என்றால் கால்பந்து. ‘அபே’ என்றால் விளையாடு.

ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் ‘தீகா அபேவி’ என்பார். பார்க்கவில்லை, சத்தம் மட்டும் காதில் விழுந்தது என்றால் ‘அபேதி’. மைதானத்தில் அவனுடைய காலணித் தடம் கிடக்கிறது, ஆளைக் காணவில்லை, அப்போது ‘அபேயி’. வேறொருவர் வந்து சொன்னார் என்றால் ‘அபேயிகி’. எந்தத் தடயமும் இல்லை, ஆனால் வழக்கமாக இந்நேரம் அவன் விளையாடப் போகிறவன்தான் என்ற ஊகத்துக்கு ‘அபேஹீயி’. நடந்தது ஒரே ஆட்டம்தான். மாறுவதெல்லாம் சொல்பவருக்கு அது தெரியவந்த வழி.

இங்கே ஒரு குழப்பம் எளிதில் வரும். ‘அபேயிகி’ என்று சொல்பவர் சந்தேகப்படுகிறார் என்று பொருளில்லை. செய்தியை முழுதாக நம்பிக்கொண்டே அவர் அப்படிச் சொல்லலாம். விகுதி காட்டுவது வந்த வழியை. உண்மையா பொய்யா என்பதை அல்ல. அதனால் அங்கே பொய்யையும் இரண்டு விதமாகச் சொல்லலாம். நடக்காததை நடந்ததாகச் சொல்வது ஒன்று. இன்னொன்று இப்படி: அவன் விளையாடியது நிஜம், ஆனால் கேள்விப்பட்டவர் ‘அபேவி’ என்கிறார். செய்தி சரி, சாட்சி பொய்.

நம்மிடமும் இதில் ஒரு துண்டு உண்டு. ‘விளையாடினானாம்’ என்கிறோமே, அந்த ‘ஆம்’ கேள்விப்பட்டதற்கான அடையாளம்தான். பாட்டி சொல்லும் கதையில் ராஜா ‘இருந்தாராம்’. பாட்டி அவரைப் பார்த்ததில்லை. ஆனால் ‘ஆம்’ கட்டாயமில்லை, விட்டுவிட்டாலும் இலக்கணம் பிழைத்துக்கொள்ளும். ‘பெரிய டாக்டராம்!’ என்று உதட்டைச் சுழிக்கவும் அதையே பயன்படுத்துகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ‘ஆம்’ ஒரு படி மேல். தூயூக்காவின் ‘பிறர் சொன்னது’ விகுதிக்கு நிகழ்கால வடிவமே கிடையாது. ஒருவர் வந்து சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சி பழையதாகிவிடுவது காரணமாக இருக்கலாம். ‘சென்னையில் மழை பெய்யுதாம்’ என்று போனைக் கீழே வைத்ததும் நாம் சொல்வதை, அந்த விகுதியை வைத்து அவர்களால் சொல்ல முடியாது.