சதவீதத்திலிருந்து ஆள்கணக்கு

கூகுள் ஃபார்ம்ஸில் நடத்தும் கருத்துக்கணிப்பின் முடிவுகள் Responses பகுதியில், Summary என்ற தலைப்பின் கீழ் படங்களாகத் தொகுக்கப்படுகின்றன. அறிக்கை எழுதுபவரின் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான். மூலப் பக்கத்தில் வட்டப்படத்தின் ஒரு துண்டின்மேல் சுட்டியை வைத்தால், அதைத் தேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் அதற்கு வழியில்லை; துண்டுகளின்மேல் இருப்பது சதவீதம் மட்டுமே. அதை ஆள்கணக்காக மாற்றிய பிறகுதான் சுருக்கத்தை எழுத முடியும்.

அதற்கு உதவுவது ஒவ்வொரு கேள்வியின் அடியிலும் சிறிய எழுத்தில் இருக்கும் எண். ஒரு கிளை நூலகம் தன் வாசகர்களிடம் கருத்துக் கேட்டதாகக் கொள்வோம். ‘எந்த நேரத்தில் வர வசதி?’ என்ற கேள்வியின் கீழ் 48 responses என்று இருக்கிறது. வட்டப்படத்தில் மாலை 43.8%, காலை 29.2%, விடுமுறை நாள் மட்டும் 18.8%, மதியம் 6.3% என்று காண்கிறது. ‘இரவு’ என்ற ஐந்தாவது விடைக்கு மெல்லிய கீற்று ஒன்று இருக்கிறது. அது மிகச் சிறியது என்பதால் அதன்மேல் எண் இல்லை.

43.8-ஐ 48-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 21.02 வரும், அதாவது 21 பேர். இதே முறையில் மற்றவை 14, 9, 3 என்று அமைகின்றன. நான்கையும் கூட்டினால் 47. எனவே எண் இல்லாத கீற்று ஒருவருடையது. இந்தக் கழித்தலைச் சதவீதத்தில் செய்யாமல் ஆள்கணக்கில் செய்வதே சரி. சதவீதத்தில் கழித்தால் 1.9 மிஞ்சும், ஆனால் 48 பேரில் ஒருவர் என்பது 2.1 சதவீதம். ஒவ்வொரு எண்ணும் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டதால் வந்த வேறுபாடு இது. எண் இல்லாத கீற்றுகள் இரண்டு இருந்தால், அவற்றின் கூட்டுத்தொகையை மட்டுமே சொல்ல முடியும். அகலத்தைக் கண்ணால் அளந்து பிரிப்பது வெறும் ஊகம்.

பெருக்கலின் விடை முழு எண்ணை ஒட்டி வருகிறதா என்பதே நல்ல சோதனை. 34.13 போன்ற விடை வந்தால், சதவீதத்தைத் தவறாகப் படித்திருக்க வேண்டும். அல்லது வேறு கேள்வியின் மொத்தத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். விடையளித்தவர்கள் ஆயிரத்துக்குக் குறைவாக இருக்கும்வரை, ஒரு தசம இடம் கொண்ட சதவீதம் ஒரே ஓர் ஆள்கணக்கைத்தான் குறிக்கும். அதற்கு மேல் ‘ஏறத்தாழ’ என்று சேர்ப்பதே நேர்மை.

இரண்டாவது கேள்வி ‘நூலகத்தில் எவை கூடுதலாக வேண்டும்?’ என்பது. பலவற்றைத் தேர்வுசெய்யலாம் என்பதால் படம் கிடைமட்டப் பட்டைகளாக இருக்கிறது: போட்டித் தேர்வு நூல்கள் 32 (71.1%), நாளிதழ்கள் 27 (60%), சிறுவர் நூல்கள் 18 (40%). எண்ணிக்கை நேரடியாகவே கிடைப்பதால் இது எளிது என்று தோன்றும். பிழைகள் நுழைவது இங்கேதான். கட்டாயமில்லாத கேள்வி என்பதால் மூவர் விட்டுவிட்டார்கள். அடியில் இருப்பது 45 responses. 32 பேர் என்பது 45 பேரில்தான், 48 பேரில் அல்ல. பட்டைகளைக் கூட்டினால் 77 வருகிறது. அது ஆள்களின் எண்ணிக்கை அல்ல, இட்ட குறிகளின் எண்ணிக்கை. முதல் இரண்டைக் கூட்டி ‘59 பேர் நூல்களோ நாளிதழ்களோ கேட்டனர்’ என்று எழுதினால், இரண்டையும் குறித்தவர்கள் இருமுறை எண்ணப்படுவார்கள். இரண்டையும் குறித்தவர்கள் யார் என்பது படத்தில் இல்லை. தனித்தனி விடைகள் உள்ள விரிதாளில் பார்க்க முடியும்.

Other என்ற இடத்தில் தட்டச்சு செய்தவை தனித்தனிப் பட்டைகளாக வரும். ‘இருக்கை’, ‘நாற்காலி வேண்டும்’, ‘உட்கார இடம்’ என மூன்று ஒற்றைப் பட்டைகள் இருந்தால், அவற்றை ஒரே கோரிக்கையாகச் சேர்க்கலாம். ஒருவர் அந்த இடத்தில் ஒரு விடையைத்தான் எழுத முடியும் என்பதால் இங்கு இரட்டை எண்ணிக்கை நேராது.

இவற்றைக் கொண்டு எழுதும் பத்தி இப்படி அமையலாம்: “வசதியான நேரம் பற்றிய கேள்விக்கு 48 பேர் விடையளித்தனர். 21 பேர் மாலையையும் 14 பேர் காலையையும் தேர்ந்தனர். 9 பேர் விடுமுறை நாளில் மட்டும் வர முடியும் என்றனர். மதியத்தை 3 பேரும் இரவை ஒருவரும் குறித்தனர். கூடுதல் தேவைகள் பற்றி 45 பேர் விடையளித்தனர்; பலவற்றைத் தேர்வுசெய்ய இடமிருந்த இக்கேள்வியில் 32 பேர் போட்டித் தேர்வு நூல்களையும் 27 பேர் நாளிதழ்களையும் 18 பேர் சிறுவர் நூல்களையும் கேட்டனர். மூவர் உட்காரும் வசதி வேண்டும் என்று எழுதினர்.”

இதில் ‘பெரும்பாலோர் மாலையை விரும்பினர்’ என்ற தொடர் இல்லாததற்குக் காரணம் உண்டு. 48 பேரில் 21 பேர் பாதிக்கும் குறைவு. மாலை அதிகம் பேர் தேர்ந்த நேரம், அவ்வளவே. ‘வாசகர்கள் கேட்கிறார்கள்’ என்று பொதுவாகவும் எழுதவில்லை. படிவத்தை நிரப்பாத வாசகர்களைப் பற்றி இந்தப் படம் எதுவும் சொல்வதில்லை.