பெயர் கொடுத்தவர்கள் வரவேண்டுமே!

இலவச இணையவழி வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே பெரிய விஷயம். மாடித்தோட்ட வகுப்பு ஒன்று ஞாயிறு மாலை 6 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் நினைவூட்டல் மட்டும் போதாது. 5 மணிக்கு வாட்ஸ்அப்பில் இன்னொன்று, முதல் வரியிலேயே இணைப்போடு போகவேண்டும். பழைய மின்னஞ்சலைத் தேடியெடுக்க யாருக்குப் பொறுமை?

நேரலையில் கேள்விகளைக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும். பேசுபவரே சாட்டைப் படித்தால் பேச்சு அறுந்துபோகும்.

முடிந்ததும் ஜூம் தரும் வருகைப் பட்டியலில் ஒவ்வொருவரும் நுழைந்த, வெளியேறிய நேரம் இருக்கும். பலர் 6.40க்குக் கிளம்பியிருந்தால், ஒளிப்பதிவில் அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். விதைப் பாக்கெட் விற்பனை அங்கேதான் தொடங்கியிருக்கும்!

மறுநாளே வந்தவர்களுக்கு விடுபட்ட கேள்விகளின் பதிலையும், வராதவர்களுக்கு ஒளிப்பதிவையும் தனித்தனியாக அனுப்புங்கள். வராதவருக்குப் போய் ‘வந்ததற்கு நன்றி’ சொல்லாதீர்கள்.