ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்புறம் ஏனுங்க?

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்குப் போகும் ஆண்கள் அதிகம். போர்வெல் போட வடநாட்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கல்யாணமாகி இரண்டு வருடம், பெண்ணுக்கு 28 வயது. "விசேஷம் ஏதாச்சுமுங்களா அம்மணி?" என்று கேட்காத உறவில்லை. கோவைக்கு வந்து எல்லாச் சோதனையும் பார்த்தாயிற்று. எல்லாமே நார்மல். "அப்புறம் ஏனுங்க டாக்டர் தங்க மாட்டேங்குது?"

நார்மல் என்றால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கின்றன. மாதாமாதம் கருமுட்டை வெளிவருகிறது. டியூப் டெஸ்ட்டில் கருக்குழாயில் அடைப்பில்லை. விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் போதுமான அளவில் இருக்கின்றன. ஆனால் வெளிவந்த முட்டையைக் குழாய் வாங்கிக்கொள்கிறதா, விந்தணு அதைத் துளைத்து உள்ளே போகிறதா, முட்டையின் குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்பதை இந்தச் சோதனைகள் காட்டுவதில்லை. தெரியாமல் நிற்கும் அந்தப் பகுதிக்குத்தான் 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்று பெயர்.

அந்தப் பெயரை வைக்க, குறைந்தது ஒரு வருடம் தம்பதி சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இந்த ரிக் வீட்டில் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் எட்டு மாதம்கூடத் தேறாது. அதிலும் ஒவ்வொரு மாதமும் கரு உண்டாக வாய்ப்புள்ளது, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் மட்டுமே. அந்த நாட்களில் அவர் மத்தியப் பிரதேசத்தில் இருந்தால் அந்த மாதம் கணக்கில் வராது. இவர்களுக்கு இப்போது மருந்து தேவையில்லை, லீவுதான் தேவை. டாக்டரிடம் போகும்போது கல்யாணத் தேதியோடு இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்வதேயில்லை.

அதே தெருவில் இன்னொரு பெண் என்று வையுங்கள். வயது 34, கல்யாணமாகி நாலு வருடம். கணவர் பனியன் கம்பெனி வேலை முடித்துத் தினமும் வீடு வந்துவிடுகிறார். ரிப்போர்ட் அச்சு அசல் அதே. ஆனால் இவருக்குச் சொல்லவேண்டிய பதில் வேறு.

ஏன் வேறு என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 253 தம்பதிகளில் பாதிப் பேருக்கு முட்டை வளர ஊசி போட்டு ஐ.யு.ஐ. செய்தார்கள். மீதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்குக் கரு நிலைத்தது, சும்மா இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு. சிகிச்சையால் லாபமேயில்லை. 2018இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு நேர்மாறு. மூன்று சுற்று ஐ.யு.ஐ. வரை பெற்றவர்களில் 31 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், காத்திருந்தவர்களில் 9 சதவீதம் பேர்தான். இரண்டும் உண்மை. முதல் ஆய்வில் இருந்தவர்களுக்கு இயல்பாகவே கருத்தரிக்கும் வாய்ப்பு ஓரளவு இருந்தது. இரண்டாவதில் இருந்தவர்களுக்கு அது குறைவு. பெண்ணின் வயது, முயன்ற காலம், முன்பு கரு உண்டாகியிருக்கிறதா, விந்தணு ஓட்டம் ஆகியவற்றை வைத்து இந்த வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். நம் 34 வயதுப் பெண் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஆகவே அவருக்கு ஐ.யு.ஐ. மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் லெட்ரோசோல் அல்லது க்ளோமிஃபீன் மாத்திரை. பத்தாம் நாள் வாக்கில் ஸ்கேன். முட்டைப்பை 18 மில்லிமீட்டரைத் தாண்டியதும் வெடிக்க வைக்கும் ஊசி. அது போட்டு 24 முதல் 36 மணி நேரத்துக்குள் கழுவிச் சுத்தம் செய்த விந்தணுவை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவார்கள். மூன்று நான்கு முட்டைகள் ஒன்றாக முதிர்ந்துவிட்டால் அந்த மாதத்தைக் கைவிடுவதே நல்லது. இரட்டை, மூன்று கரு தங்கினால் தாய்க்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. "அதிக முட்டை வந்திருக்கு" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சுற்றில் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. முதல் மாதம் தவறினால் மனம் உடைய வேண்டாம். ஆனால் ஏழாவது எட்டாவது சுற்று என்று இழுப்பதும் சரியல்ல. மூன்று அல்லது நான்கோடு நிறுத்திவிட்டு ஐ.வி.எஃப். பற்றிப் பேச வேண்டும். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு நேராக அங்கேயே போகச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. வயது ஏற ஏற முட்டையின் தரம் இறங்குவதால் அதில் நியாயமிருக்கிறது.

இடையில் நோய் எதிர்ப்பு ரத்தச் சோதனைகள் என்று ஒரு நீண்ட பட்டியலை யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். 2023இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. முதல் ஐ.வி.எஃப்.பிலேயே, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்யச் சொன்னாலும் காரணம் கேளுங்கள். விந்தணு நார்மலாக இருக்கும்போது அதனால் கூடுதல் பலன் கிடைப்பதாக நிரூபணமில்லை.

ஐ.வி.எஃப். ஒரு சிகிச்சை மட்டுமல்ல, பல சமயம் அதுவே சோதனையுமாகிவிடுகிறது. முட்டையையும் விந்தணுவையும் ஒரே தட்டில் விட்டு மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை என்றால் இத்தனை வருடம் தெரியாமலிருந்த காரணத்தின் தடம் அப்போதுதான் கிடைக்கிறது. அடுத்த முறை இக்ஸி தேவை என்பதற்கு அதுவே ஆதாரம்.